கிரேடு 9 பையன், வேகப்பந்து வீச்சு: மேட்ஸா, மேட்ஸ் லிட்டா?

செல்வி_சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் வணக்கம். என் மகனுக்கு 15 வயது, இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேடு 9 படிக்கிறான். வலது கை வேகப்பந்து வீச்சு. இந்த வருடம் மாகாணத்தின் 15 வயதுக்குட்பட்டோர் அணியில் இருக்கிறான். அடுத்த வாரம் கிரேடு 10 பாடத்தேர்வுப் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

பள்ளியில் மேட்ஸுக்குப் பதிலாக மேட்ஸ் லிட், அதாவது அன்றாடக் கணக்கு மட்டும் வரும் எளிய பாடம், எடுக்கச் சொல்கிறார்கள். "சீசன் முழுக்க வெளியூரில் இருக்கிறான், மேட்ஸ் எடுத்தால் மூழ்கிவிடுவான்" என்கிறார் வகுப்பாசிரியர். இப்போது மேட்ஸில் 54, அறிவியலில் 58, ஆங்கிலத்தில் 63. என் வீட்டுக்காரருக்கு கிரிக்கெட்தான் எல்லாம். எனக்குக் கையில் இன்னொன்று இருக்க வேண்டும். பையனோ, "விளையாட முடியாமல் போனால் கோச் ஆவேன், இல்லாவிட்டால் ஸ்போர்ட் சயின்ஸ் படிப்பேன்" என்கிறான். அதற்கு மேட்ஸ் லிட் போதுமா? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

மட்டை_மணி

அக்கா, கவலையே வேண்டாம். மாகாண அணியில் ஆடுகிறவனுக்குப் பல்கலைக்கழகங்கள் ஸ்போர்ட் பர்சரி கொடுக்கும். ஸ்போர்ட் சயின்ஸில் மூன்று வருடம் முடித்தால் சொந்தமாக பிராக்டிஸ் திறக்கலாம். காயம்பட்டவர்கள் மெடிக்கல் எய்ட் காப்பீட்டு அட்டையோடு வருவார்கள். என் கஸினின் நண்பர் உம்ஹ்லாங்காவில் அப்படித்தான் வைத்திருக்கிறார். மேட்ஸ் லிட்டில் 80 வாங்கினால் பல்கலைக்கழக நுழைவுக்குப் பார்க்கும் ஏபிஎஸ் புள்ளியும் ஏறும். பள்ளி சொல்வது சரிதான்.

பீனிக்ஸ்_அப்பா

நான் வேறு மாதிரி சொல்கிறேன். என் மகள் நீச்சல். அமெரிக்கக் கல்லூரி ஸ்காலர்ஷிப்புக்காக கிரேடு 9 முதலே வேலை செய்கிறோம். வீடியோ எடுத்து அங்குள்ள கோச்சுகளுக்கு அனுப்புங்கள். பையனுடைய ஓட்ட நேரங்களையும் சேர்த்து எழுதுங்கள். இங்கே காத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

செல்வி_சாட்ஸ்வொர்த்

அண்ணா, அவன் கிரிக்கெட் ஆடுகிறான், ஓட்டம் இல்லை.

பீனிக்ஸ்_அப்பா

ஓ, சரி சரி. வேகம் என்று பார்த்ததும் ஓட்டம் என்று நினைத்துவிட்டேன். கிரிக்கெட் என்றால் அந்த வழி இல்லை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் பட்டியலில் அந்த ஆட்டமே கிடையாது. ஆனால் ஒன்று: என் மகள் விஷயத்தில் அவர்கள் முதலில் கேட்டது நேரத்தை அல்ல, பாடப் பட்டியலை.

பயோ_தேவி

வணக்கம் அக்கா. நான் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் பயோகினட்டிசிஸ்டாக, அதாவது காயம்பட்டவர்களை உடற்பயிற்சி மூலம் தேற்றுகிறவராக, வேலை பார்க்கிறேன். மணி அண்ணா சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியை நம்பி வந்து, மூன்றாம் வருடத்தில் அழுத பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருந்தார்கள்.

ஸ்போர்ட் சயின்ஸ் பட்டம் மட்டும் வைத்திருப்பவர் மருத்துவத் துறையினரைப் பதிவு செய்யும் மன்றமான எச்பிசிஎஸ்ஏவில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் பிராக்டிஸ் எண் கிடைக்காது. எண் இல்லாவிட்டால் மெடிக்கல் எய்ட் ஒரு ராண்ட் கூடத் தராது. அவர் ஜிம்மில், அணியில், பள்ளியில் உடற்பயிற்சி நிபுணராக வேலை செய்யலாம், நல்ல வேலைதான். ஆனால் நோயாளி வந்து காயத்தைச் சரிசெய்யும் கிளினிக் வேறு. அதற்கு பயோகினட்டிக்ஸ் அல்லது பிசியோ படித்திருக்க வேண்டும். மணி அண்ணா, உங்கள் கஸினின் நண்பர் அநேகமாக பயோதான். கதவுப் பலகையில் பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் காலத்து வழி இப்படி: மூன்று வருட ஸ்போர்ட் சயின்ஸ், அப்புறம் பயோவில் ஹானர்ஸ், அப்புறம் இன்டர்ன்ஷிப். சிக்கல் எங்கே என்றால், முதல் மூன்று வருடத்தில் பெரிய கூட்டம் உட்கார்ந்திருக்கும், ஹானர்ஸ் இடங்களோ கொஞ்சம்தான். அனாட்டமி, பிசியாலஜி மதிப்பெண் பார்த்து வடிகட்டுவார்கள். தப்பியவருக்குக் கையில் இருப்பது பதிவு செய்ய முடியாத பட்டம். இப்போது சில பல்கலைக்கழகங்களில் நான்கு வருட பயோகினட்டிக்ஸ் பட்டம் நேரடியாகவே இருக்கிறது. அங்கே வடிகட்டல் கிரேடு 12 மெட்ரிக் மதிப்பெண்ணிலேயே நடந்துவிடும். பிசியோவும் நான்கு வருடம், மேலே ஒரு வருடம் அரசு மருத்துவமனையில் சமூக சேவை.

இவற்றுக்குப் பொதுவாக மேட்ஸ் கேட்பார்கள், மேட்ஸ் லிட் இல்லை. ஸ்போர்ட் மேனேஜ்மென்ட், சில டிப்ளமாக்கள், சில கோச்சிங் படிப்புகள் மேட்ஸ் லிட்டை ஏற்கும். ஆக, பையன் "ஸ்போர்ட் சயின்ஸ்" என்று சொல்லும்போது மனதில் எதை வைத்துச் சொல்கிறான் என்று முதலில் கேளுங்கள்.

வாத்தியார்_வெருலம்

நான் கிரேடு 10 முதல் 12 வரை பாடம் எடுக்கிறவன். தேவி சொன்னதோடு பள்ளிப் பக்கத்துக் கணக்கைச் சேர்க்கிறேன்.

மேட்ஸில் 52 வாங்கினால் 4 புள்ளி. மேட்ஸ் லிட்டில் 75 வாங்கினால் 6 புள்ளி. காகிதத்தில் இரண்டு புள்ளி லாபம், அதனால்தான் பள்ளிகளுக்கு அது பிடிக்கிறது. தேர்ச்சி விகிதமும் நன்றாகத் தெரியும். ஆனால் "மேட்ஸ் 4" என்று நிபந்தனை போட்ட படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்த 6 எதற்கும் உதவாது.

இன்னொன்று. மேட்ஸிலிருந்து மேட்ஸ் லிட்டுக்கு கிரேடு 10 அல்லது 11ல் இறங்குவது நடக்கிற காரியம், வருடா வருடம் நடக்கிறது. எதிர்ப்பக்கம் ஏறுவது மிகக் கடினம். கிரேடு 10 அல்ஜீப்ராவும் திரிகோணமிதியும் இல்லாமல் கிரேடு 11ல் உட்கார வேண்டியிருக்கும். அதனால் தெரியாத நிலையில் மேட்ஸில் தொடங்குங்கள். கிரேடு 10 ஜூன் தேர்வில் 40க்குக் கீழே போனால் அப்போது உட்கார்ந்து பேசலாம்.

மணி, பர்சரி பற்றி: ஸ்போர்ட் பர்சரி பணம் தரும், நுழைவு நிபந்தனையைத் தள்ளுபடி செய்யாது. பல இடங்களில் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும், ஆடாவிட்டால் நின்றுவிடும். முதுகு உடைந்த வருடம் கட்டணமும் சேர்ந்தே உடையும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 350,000 ராண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் நிதியுதவி என்எஸ்எஃப்ஏஎஸ் இருக்கிறது. அதற்கு மேலே உள்ளவர்கள்தான் நடுவில் மாட்டுகிறார்கள்.

மட்டை_மணி

சார், பள்ளி தேர்ச்சி விகிதத்துக்காகத்தான் சொல்கிறது என்பது கொஞ்சம் அநியாயம். மேட்ஸ் எடுத்து மூழ்கிய பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கஸினிடம் கேட்டுவிட்டேன். தேவி சொன்னது சரி, பலகையில் பயோகினட்டிசிஸ்ட் என்றுதான் இருக்கிறதாம். 🙂

தாத்தா_டோங்காட்

நாங்கள் ஆடிய காலத்தில் வெள்ளைக்காரர் லீக் வேறு, எங்கள் லீக் வேறு. பாயின் மேல் பந்து போட்டோம். எவ்வளவு நன்றாக ஆடினாலும் அந்த வேலிக்கு மேல் போக முடியாது. இன்று நம் டர்பன் பையன் செனுரன் முத்துசாமி லாகூரில் ஒரே டெஸ்டில் 11 விக்கெட் எடுக்கிறான். கதவு திறந்திருக்கும்போது நீங்கள் எல்லாரும் கதவுக்கு வெளியே போகும் வழியைப் பற்றிப் பேசுகிறீர்கள். பையனை ஆட விடுங்கள்.

வாத்தியார்_வெருலம்

தாத்தா, உங்கள் மேல் மரியாதையோடு சொல்கிறேன். முத்துசாமியின் கதையை முழுதாகப் பாருங்கள். 2019ல் விசாகப்பட்டினத்தில் முதல் டெஸ்ட், கோலியின் விக்கெட்டும் கிடைத்தது. அந்தத் தொடரோடு வெளியே போனார், அடுத்த டெஸ்ட் 2023ல் செஞ்சூரியனில், அதற்கடுத்தது 2024ல் சட்டோகிராமில். ஐந்து வருடத்தில் மொத்தம் நான்கு டெஸ்ட். நீங்கள் சொல்லும் லாகூர் 2025ல், அப்போது அவருக்கு 31 வயது. குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்துப் பட்டமும் அவர் கையில் இருந்தது. பட்டம் வாங்கியதால் பந்து திரும்பாமல் போகவில்லை.

எண்ணிக்கையும் சொல்கிறேன். 2021ல் உள்ளூர் கிரிக்கெட்டை 15 அணிகளாக மாற்றினார்கள். முதல் பிரிவில் 8 அணி, ஒவ்வொன்றிலும் 16 ஒப்பந்தம். இரண்டாம் பிரிவில் 7 அணி, ஒவ்வொன்றிலும் 11. மொத்தம் 205 பேர், நாடு முழுக்க. அதில் 20 வயதுக்காரரும் 35 வயதுக்காரரும் ஒரே நாற்காலிக்கு நிற்கிறார்கள். 15 வயதில் மாகாண அணியில் இருப்பது நல்ல அறிகுறி, ஆனால் ஒவ்வொரு மாகாணமும் வருடா வருடம் அப்படி ஒரு அணியைத் தேர்ந்தெடுக்கிறது.

தாத்தா_டோங்காட்

205 என்றாலும் எங்களுக்கு இருந்தது பூஜ்யம், தம்பி. அதை மறக்காதே.

செல்வி_சாட்ஸ்வொர்த்

எல்லாருக்கும் நன்றி. மேட்ஸ் பக்கம்தான் மனம் போகிறது. தேவி, ஒரு சின்ன விஷயம். இரண்டு மூன்று வாரமாக முதுகு வலிக்கிறது என்கிறான். கோச் "வளர்கிற வயது, தசைப்பிடிப்பு" என்று சொல்லி ஜெல் தடவச் சொன்னார். இப்படி முதுகு அடிக்கடி பிடித்தால் பிசியோ மாதிரி நின்றுகொண்டே செய்யும் வேலை அவனுக்குச் சரிப்படுமா என்று யோசித்தேன்.

பயோ_தேவி

அக்கா, வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம். எந்தப் பக்கம் வலி? இடுப்புக்கு மேலே இடது பக்கமா? ஒற்றைக் காலில் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள், வலி கூடுகிறதா? ஓய்வெடுத்தால் குறைந்து, பந்து போட்டதும் திரும்ப வருகிறதா? ஒரு வாரத்தில் மொத்தம் எத்தனை பந்து போடுகிறான் என்றும் எழுதுங்கள். மேட்ச் மட்டும் இல்லை, நெட்ஸும் சேர்த்து.

செல்வி_சாட்ஸ்வொர்த்

இடது பக்கம்தான். இடது காலில் நின்று பின்னால் வளைந்தால் "அம்மா" என்கிறான். ஞாயிறு இரவு அதிகம், புதன் வாக்கில் குறைகிறது.

பந்துக் கணக்கை அவனிடமே எழுதச் சொன்னேன். செவ்வாய் பள்ளி நெட்ஸ் 60. புதன் மாகாணப் பயிற்சி 48. வியாழன் பள்ளி 36. சனி பள்ளி மேட்ச் 10 ஓவர். ஞாயிறு கிளப் 8 ஓவர். சீசன் தொடங்கும் முன் வாரத்துக்கு 110, 120 பந்துதான் போட்டுக்கொண்டிருந்தான்.

பயோ_தேவி

கூட்டினால் 252. ஒரு மாதத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. பள்ளிக் கோச், மாகாணக் கோச், கிளப் கோச் மூவரும் தங்கள் பங்கை மட்டும் பார்த்து "கொஞ்சம்தானே" என்று நினைத்திருப்பார்கள். மூன்று கோச், ஒரு முதுகு. யாரும் கெட்டவர்கள் இல்லை, கூட்டிப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வலது கை வேகப்பந்து வீச்சாளர், பதின்வயது, வலி இடது பக்கம், பின்னால் வளைந்தால் கூடுகிறது, பந்து எண்ணிக்கை திடீரென்று ஏறியிருக்கிறது. இது நேரில் பார்க்காமல் நான் சொல்லும் முடிவு இல்லை. ஆனால் கீழ் முதுகெலும்பில் ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் இல்லை என்று உறுதியாகும் வரை அவன் ஒரு பந்து கூடப் போடக் கூடாது. இந்த சனிக்கிழமையும் சேர்த்துத்தான். பந்து வீச்சாளர் கை வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில்தான் எலும்பு அதிகம் அடி வாங்குகிறது, முன்கால் ஊன்றும்போது உடம்பு ஒரே நேரத்தில் வளைந்து திரும்பிச் சாய்வதால்.

ஸ்போர்ட்ஸ் டாக்டரிடம் போங்கள். எக்ஸ்ரே எடுத்து "ஒன்றும் இல்லை" என்று அனுப்பினால் அத்தோடு நிற்காதீர்கள், ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்ஆர்ஐ கேளுங்கள். எலும்பு வெடிக்கும் முன் வீக்கமாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் ஓய்வு குறைவு. வெடித்துவிட்டால் பந்து வீசாமல் நான்கு முதல் ஆறு மாதம் போவது சாதாரணம், சிலருக்கு அதற்கும் மேல். கவனிக்காமல் விட்டால் எலும்பு ஒட்டாமலே நின்றுவிடும்.

செல்வி_சாட்ஸ்வொர்த்

கை நடுங்குகிறது. சனிக்கிழமை மாகாணத் தேர்வு மேட்ச். ஆடாவிட்டால் பெயர் போய்விடும் என்று அழுகிறான். அவன் அப்பாவும் இந்த ஒரு மேட்ச் மட்டும் என்கிறார்.

பயோ_தேவி

கோச்சுக்கு நீங்களே போன் செய்யுங்கள், பையனைச் சொல்ல வைக்காதீர்கள். "முதுகில் எலும்பு சந்தேகம், ஸ்கேன் வரும் வரை பந்து வீச்சு இல்லை" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். "வலிக்கிறது" என்றால் "வார்ம் அப் செய்யட்டும்" என்பார்கள். நல்ல தேர்வாளருக்குக் காயம்பட்ட வேகப்பந்து வீச்சாளரை எழுதி வைத்துக்கொள்ளத் தெரியும். எல்லாரும் நல்ல தேர்வாளர் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

தாத்தா_டோங்காட்

அம்மா, நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சனிக்கிழமை ஆட வேண்டாம். எங்கள் கிளப்பில் ஒரு பையன் 19 வயதில் குனிய முடியாமல் போனான். அப்போது முதுகுவலி என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்.

மட்டை_மணி

ஓய்வு மாதங்களில் லெவல் 1 கோச்சிங் கோர்ஸ் முடித்துவிடலாமே? சர்டிபிகேட் கையில் இருந்தால் மெட்ரிக் முடித்ததும் பள்ளிகளில் வேலை கிடைக்கும், மேட்ஸே தேவையில்லை.

வாத்தியார்_வெருலம்

கோர்ஸ் நல்ல யோசனை. 15 வயதில் சேர்ப்பார்களா என்று மாகாணச் சங்கத்தில் கேட்க வேண்டும். ஆனால் "வேலை" என்ற இடத்தில் நிற்கிறேன். பள்ளிகளில் பெரும்பாலான கிரிக்கெட் கோச்சுகளுக்கு மணிக்கணக்கில் சம்பளம். சீசன் முடிந்ததும் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வருமானம் படுத்துவிடும். குளிர்காலத்தில் வேறு எதையாவது செய்கிற கோச்சுகளை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

நிலையான கோச்சிங் வேலை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மாகாணச் சங்கம், அங்கே லெவல் 2, 3 என்று ஏற வேண்டும், முன்னாள் வீரர்களோடு போட்டி. இன்னொன்று, பாடம் நடத்திக்கொண்டே கோச் செய்யும் ஆசிரியர். பள்ளிகள் இவரைத்தான் தேடுகின்றன, ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை நடக்கிறதே. இதற்கு நான்கு வருட பிஎட், அல்லது ஒரு பட்டத்துக்குப் பின் ஒரு வருட பிஜிசிஇ ஆசிரியர் பயிற்சி, அப்புறம் ஆசிரியர் மன்றமான சேஸில் பதிவு.

இங்கேயும் ஒரு பொறி. பிஜிசிஇயில் சேர உங்கள் பட்டத்தில் பள்ளிப்பாடம் இருக்க வேண்டும். வெறும் ஸ்போர்ட் சயின்ஸ் பட்டத்தோடு வந்தால் "எந்தப் பாடம் நடத்துவாய்?" என்று கேட்பார்கள். உடற்கல்வி இங்கே தனிப் பாடம் இல்லை, லைஃப் ஓரியண்டேஷனுக்குள் ஒரு பகுதி. மேட்ஸ் அல்லது அறிவியல் நடத்தும் பிஎட் என்றால் ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாகா பர்சரிக்கும் விண்ணப்பிக்கலாம், படித்த வருடத்துக்கு ஈடாக அரசுப் பள்ளியில் வேலை செய்ய வேண்டும். ஆக மணி, கோச் ஆவதற்கும் கடைசியில் மேட்ஸ்தான் திரும்ப வந்து நிற்கிறது.

செல்வி_சாட்ஸ்வொர்த்

சார், மேட்ஸ் போட்டுவிட்டேன். மற்ற மூன்று விருப்பப் பாடம்? லைஃப் சயின்ஸ், பிசிக்கல் சயின்ஸ், ஜியாகிரபி என்று நினைக்கிறேன்.

பயோ_தேவி

லைஃப் சயின்ஸ் கட்டாயம் வையுங்கள். பிசிக்கல் சயின்ஸும் வைத்தால் பிசியோ கதவு முழுதாகத் திறந்திருக்கும். பயோமெக்கானிக்ஸில் விசை, திருப்புவிசை எல்லாம் வரும்போது அது இல்லாமல் வந்தவர்கள் முதல் வருடம் திணறினார்கள்.

வாத்தியார்_வெருலம்

இதில் மட்டும் தேவியோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. அறிவியலில் 58, அக்டோபர் நவம்பரில் பாதி நாள் மைதானத்தில். மேட்ஸும் பிசிக்கல் சயின்ஸும் சேர்ந்தால் இரண்டுமே இறங்கும். பிசிக்கல் சயின்ஸில் 45 என்றால் 3 புள்ளி, அதே இடத்தில் பிசினஸ் ஸ்டடீஸில் 66 என்றால் 5. பயோ நிறைய இடத்தில் லைஃப் சயின்ஸோடு கிடைக்கும்.

காலத்தையும் கவனியுங்கள். கிரேடு 12ல் விண்ணப்பிக்கும்போது பல்கலைக்கழகம் பார்ப்பது கிரேடு 11 இறுதி மதிப்பெண். அந்தத் தேர்வு நவம்பரில், கிரிக்கெட் சீசன் நன்றாகச் சூடுபிடித்த நேரம். மாகாணத்து 17 வயது, 19 வயது போட்டி வாரங்களுக்கான அணித் தேர்வும் அதே காலத்தைச் சுற்றித்தான். எந்தப் பாடத்தை எடுத்தாலும் கிரேடு 11 அக்டோபர் முதல் கிளப் ஆட்டத்தை நிறுத்துங்கள், பள்ளியும் மாகாணமும் போதும்.

பயோ_தேவி

கிளப்பை நிறுத்தச் சொன்னதற்கு முதுகு சார்பில் நன்றி. பிசிக்கல் சயின்ஸ் விஷயத்தில் நான் இறங்கவில்லை, சார். கிரேடு 10 ஜூன் வரை வைத்துப் பார்க்கட்டும், மேட்ஸுக்கு நீங்கள் சொன்ன அதே நியாயம்தான்.

வாத்தியார்_வெருலம்

இரண்டு பாடத்தையும் ஒரே ஜூனில் இறக்க வேண்டி வந்தால் பையன் மனம் உடைவான். அவரவர் பிள்ளையைத் தெரிந்தவர்கள் முடிவெடுக்கட்டும்.

பீனிக்ஸ்_அப்பா

நடுவில் ஒரு கேள்வி. நீச்சலில் தோள்பட்டை வலிக்கும் இப்படிக் கணக்கு வைக்க வேண்டுமா? மகள் இரண்டு வாரமாகத் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

பயோ_தேவி

வைக்க வேண்டும் அண்ணா. தனி இழை தொடங்குங்கள், வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த ஸ்ட்ரோக் என்று எழுதுங்கள்.

செல்வி_சாட்ஸ்வொர்த்

எட்டு நாள் கழித்து எழுதுகிறேன். எம்ஆர்ஐ எடுத்தாயிற்று. கடைசி இடுப்பு முள்ளெலும்பில் இடது பக்கம் எலும்புக்குள் வீக்கம், இன்னும் வெடிப்பு இல்லை என்று டாக்டர் சொன்னார். பந்து வீச்சு இப்போதைக்கு முழுதாக நிறுத்தம், ஆறு வாரத்தில் திரும்பப் பார்ப்பார். பேட்டிங்கும் வலி போன பிறகுதான். சனிக்கிழமை மேட்ச் போய்விட்டது, தேர்வாளர் ஜனவரியில் பார்க்கலாம் என்றார். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை, ஸ்கேன் படத்தைப் பார்த்த பிறகு பேசினார்.

படிவம் கொடுத்துவிட்டேன்: மேட்ஸ், லைஃப் சயின்ஸ், பிசிக்கல் சயின்ஸ், பிசினஸ் ஸ்டடீஸ். பிசிக்கல் சயின்ஸை பென்சிலால்தான் எழுதினேன், அலுவலகத்து அம்மா பேனாவால் மேலே எழுதச் சொன்னார்.

தேவி, மறுவாழ்வுப் பயிற்சிக்கு எங்கள் பக்கம் யாரிடம் போவது? பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்துகொண்டேன்.

பயோ_தேவி

தனிச்செய்தியில் இரண்டு பேர் எண் அனுப்புகிறேன். போகும்போது எம்ஆர்ஐ அறிக்கை மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும், அந்த 252 பந்துக் கணக்கையும் எடுத்துப் போங்கள். திரும்ப வீசத் தொடங்கும்போது வாரத்துக்கு எத்தனை பந்து என்று அவர்கள் அதிலிருந்துதான் கணக்குப் போடுவார்கள்.